மூழ்கிய காரை நாமே வைத்துக்கொண்டால்: டோட்டல் லாஸ் தொகையில் சால்வேஜ் கழியும் கணக்கு

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் நிறுத்தியிருந்த கார்கள் நின்ற இடத்திலேயே முழுகின. தண்ணீர் வடிந்தது. மீட்பு வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வரிசையில் நின்றது. அப்புறம் ஒரு நாள் இன்சூரன்ஸ் பக்கத்திலிருந்து போன்: "சார், உங்க வண்டி டோட்டல் லாஸ்ல போகுது. வண்டிய நீங்களே வச்சுக்கிறீங்களா, குடுத்துடறீங்களா?"

கேட்பதற்கு ஏதோ சலுகை மாதிரி இருக்கும் கேள்வி. ஆசையாய் வாங்கின முதல் கார், தெரிந்த மெக்கானிக் வேறு இருக்கிறார், பணமும் வரும் வண்டியும் நமக்கே என்றால் யாருக்குக் கசக்கும்? பலரும் அந்த போனிலேயே "நானே வச்சுக்கறேன் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே நடப்பது ஒரு விற்பனை. உங்கள் வண்டியை உங்களுக்கே ஒரு விலைக்கு விற்கிறார்கள். அந்த விலைக்குப் பெயர்தான் சால்வேஜ் மதிப்பு. கையில் வாங்காமல், வரவேண்டிய தொகையிலேயே கழித்துக்கொள்வதால் விலை கொடுத்த மாதிரியே நமக்குத் தோன்றுவதில்லை.

இந்தக் கழிவு எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பாலிசிக்குள்தான் போகவேண்டும். இந்தியாவில் காருக்கான வழக்கமான பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பகுதியில் ஒரு வரி உண்டு. டோட்டல் லாஸ் என்றால் நிறுவனத்தின் பொறுப்பு, அட்டவணையில் எழுதியிருக்கும் ஐடிவி தொகையிலிருந்து சிதைந்த வண்டியின் மதிப்பைக் கழித்தது வரைதான் என்று அந்த வரி சொல்கிறது. யாரும் படிக்காத வரி, ஆனால் மொத்தச் சண்டையும் அதற்குள்தான் இருக்கிறது. வண்டி நம்மிடம் இருந்தால் அதன் மதிப்பும் நம்மிடம் இருப்பதாகக் கணக்கு. இழப்பு எவ்வளவோ அவ்வளவுதான் ஈடு. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வண்டியையும் வைத்துக்கொண்டால் அது இழப்பீடு இல்லை, லாபம். இதில் நியாயம் நிறுவனத்தின் பக்கம்தான். தகராறு வருவது கழிப்பதில் இல்லை, எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதில்.

ஐடிவி என்பது பாலிசி எடுத்த அன்று அந்த வண்டிக்கு ஒப்புக்கொண்ட மதிப்பு. அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் போட்டிருக்கும் விலையில் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள். ஒரு வருடம் தாண்டி இரண்டுக்குள் என்றால் 20%, இரண்டு தாண்டி மூன்றுக்குள் 30%, மூன்று தாண்டி நான்குக்குள் 40%, நான்கு தாண்டி ஐந்துக்குள் 50%. ஐந்து வருடத்துக்கு மேல் இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்வது. ஒருமுறை எழுதிவிட்டால், டோட்டல் லாஸ் வரும்போது அதுதான் சந்தை மதிப்பு. பாலிசி தொடங்கிப் பத்து மாதம் ஆகிவிட்டது, அதற்கும் தேய்மானம் போடுகிறோம் என்று நடுவில் குறைக்க முடியாது. பிரீமியம் வாங்கும்போது ஒரு மதிப்பை ஒப்புக்கொண்டுவிட்டு, பணம் கொடுக்கும் நேரத்தில் அதை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2008-இல் தர்மேந்திர கோயல் வழக்கில் கண்டித்திருக்கிறது.

சரி, ஒரு வண்டி எப்போது டோட்டல் லாஸ் ஆகிறது? அப்பளமாய் நொறுங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. மீட்கவும் பழுது பார்க்கவும் ஆகும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் போதும். பார்த்தால் முழுசாக நிற்கும் வண்டி, கணக்கில் செத்துப்போகும். வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பெரும்பாலும் இந்த வகைதான். வெளியே ஒரு கீறல் இருக்காது.

இந்த 75 சதவீதத்தை ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட்டை வைத்துப் பார்ப்பதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சர்வேயர் அந்த எஸ்டிமேட்டில் பாலிசிப்படி கழிக்கவேண்டியதைக் கழித்து, நிறுவனம் தரவேண்டிய தொகை எவ்வளவு என்று ஒன்றை எடுப்பார். அதைத்தான் ஐடிவியோடு ஒப்பிடுவார். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் போன்றவற்றுக்குப் பாதி விலை கழியும். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழியும். ஜீரோ டெப் எடுத்திருந்தால் இந்தக் கழிவு இல்லை, அதனால் அந்த வண்டி சீக்கிரமே 75 சதவீதக் கோட்டைத் தாண்டிவிடும். பிரீமியத்தில் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்க ஐடிவியைக் குறைத்து வைத்திருந்தாலும் கோடு கிட்டே வந்துவிடும். அப்படிக் குறைத்தவருக்கு வண்டியும் எளிதில் டோட்டல் லாஸ் ஆகும், வரும் பணமும் குறையும். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது அந்த அளவுகோலை இடது பக்கம் தள்ளுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

இனி ஒரு வண்டியை வைத்தே பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், கணக்குப் போகும் வழி உண்மையானது. 1,197 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக், இரண்டு வயது தாண்டியது. அந்த மாடலின் விலை 7,00,000 ரூபாய். 30% போக ஐடிவி 4,90,000. அதில் 75% என்றால் 3,67,500. கம்பெனி ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் 5,40,000. சர்வேயர் கழிக்கவேண்டியதைக் கழித்து எடுத்த தொகை 3,95,000. கோட்டைத் தாண்டிவிட்டது, டோட்டல் லாஸ். 1,500 சிசி வரையுள்ள காருக்கு நாமே ஏற்கவேண்டிய கட்டாயத் தொகை 1,000 ரூபாய். ஆக, கணக்கு தொடங்குவது 4,89,000-இல்.

இப்போது சால்வேஜ். நிறுவனமோ சர்வேயரோ வண்டியின் போட்டோக்களை ஆன்லைன் ஏலத்தில் போடுவார்கள், அல்லது பழக்கமான சால்வேஜ் வியாபாரிகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பி விலை கேட்பார்கள். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் விலை போடுவார்கள், பாதிப் பேர் வண்டியை நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். வண்டி இருக்கும் நிலையில், இருக்கும் இடத்திலேயே எடுத்துக்கொள்வதற்கான விலை அது. வழக்கமாக இரண்டு விலை கேட்பார்கள்: ஆர்சியோடு எவ்வளவு, ஆர்சி இல்லாமல் எவ்வளவு. நம் உதாரணத்தில் ஆர்சியோடு 1,70,000, ஆர்சி இல்லாமல் 95,000 என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே வண்டி, ஒரே சேறு. ஒரு புத்தகத்துக்கு, இப்போதெல்லாம் ஒரு அட்டைக்கு, 75,000 ரூபாய் வித்தியாசமா? ஆமாம். ஆர்சி உயிரோடு இருந்தால் வண்டியைத் தேற்றி மறுபடி சாலையில் ஓட்டலாம், விற்கலாம். ஆர்சி ரத்தாகிவிட்டால் அது வண்டியே இல்லை, பாகங்களின் குவியல். புதுப்பேட்டையில் கதவு ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம் என்று பிரித்து விற்கலாம், மிச்சம் காயலான் கடைக்குப் போகும். ஆர்சிக்கு இவ்வளவு விலை இருப்பதற்கு இருட்டான காரணம் ஒன்றும் உண்டு. திருட்டு வண்டிக்கு இந்த வண்டியின் சேஸிஸ் நம்பரைப் பொறித்து, நம்பர் பிளேட்டை மாட்டி, நல்ல வண்டியாக விற்கும் கும்பல்களுக்குத் தேவைப்படுவது இரும்பு இல்லை, ஆர்சிதான்.

இப்போது உரிமையாளருக்கு மூன்று வழி. வண்டியைக் கொடுத்துவிட்டால் மொத்தமாக அவர் கைக்கு வரவேண்டியது 4,89,000. ஆர்சியோடு வண்டியை வைத்துக்கொண்டால் 1,70,000 கழிந்து 3,19,000. வண்டியை வைத்துக்கொண்டு ஆர்சியை ரத்து செய்துவிட்டால் 95,000 மட்டும் கழிந்து 3,94,000, ஆனால் அவரிடம் இருப்பது ஓட முடியாத உடல்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. வண்டியைக் கொடுக்கும்போதும் பல நிறுவனங்கள் மொத்தத் தொகையை ஒரே காசோலையாகத் தருவதில்லை. ஏலம் எடுத்தவர் 1,70,000 ரூபாயை நேரே உங்கள் கணக்கில் போடுவார், நிறுவனம் 3,19,000 போடும். அதாவது வைத்துக்கொண்டாலும் கொடுத்தாலும் நிறுவனத்திடமிருந்து வருவது அதே 3,19,000. மாறுவது மீதி ஒன்றுதான். 1,70,000 ரூபாய் நோட்டாக வருகிறதா, சேறு படிந்த காராக வருகிறதா? கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டாலே பாதித் தெளிவு வந்துவிடும். 1,70,000 ரூபாய் கையில் இருந்தால், இதே நிலையில் இருக்கும் இந்த வண்டியை வெளியாளிடமிருந்து வாங்குவீர்களா? மாட்டேன் என்றால் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சால்வேஜ் விலையை ஏற்றிச் சொல்கிறார்களோ என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும், வரவேண்டியதுதான். வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால், மதிப்பை எவ்வளவு ஏற்றுகிறார்களோ அவ்வளவும் நிறுவனத்துக்கு மிச்சம். ஏலமே நடக்காமல் "இந்த மாதிரி வண்டிக்கு ஐடிவியில் பாதி சால்வேஜ்" என்று வாய்க்கணக்காகச் சொல்லி 2,45,000 கழிக்கப் பார்ப்பதும் நடக்கிறது. இதைப் பிடிக்க ஒரு சோதனை போதும். "சரி சார், அதே 2,45,000-க்கு வாங்க ஆள் இருந்தால் வரச் சொல்லுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு எனக்கு 4,89,000 கொடுத்துவிடுங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். விலை உண்மையாக இருந்தால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், மறுபேச்சு இருக்காது. ஆள் இல்லையென்றால் ஒரு வாரத்தில் புது விலை வந்துவிடும்.

அதனால்தான் முதல் போனிலேயே "நானே வச்சுக்கறேன்" என்று சொல்லக்கூடாது என்கிறேன். ஏலத்தில் வந்த விலைகளை, எந்த அடிப்படையில், எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரத்தோடு மின்னஞ்சலில் வாங்கிவிட்டுத்தான் வாயைத் திறக்கவேண்டும். குறிப்பாக, ஆர்சியோடு என்ற விலையைக் கழித்துவிட்டு ஆர்சியையும் ஒப்படைக்கச் சொல்கிறார்களா என்று பாருங்கள். அப்படிச் சொன்னால் நம் உதாரணத்தில் 75,000 ரூபாய் உங்கள் சட்டைப்பையிலிருந்து போகிறது. இந்தத் தவறு வேண்டுமென்றே நடக்கவேண்டும் என்பதுகூட இல்லை. ஒரே கடிதத்தில் இரண்டு அடிப்படையும் கலந்துவிட்டால் கிளெய்ம் மேசையில் இருப்பவருக்கே தெரியாமல் போகும். தொகை ஒத்துவரவில்லை என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

சால்வேஜ் விலை சில சமயம் உண்மையிலேயே குறைவாக வருவதும் உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஏலத்துக்கு வந்தால் வியாபாரிகள் விலையை இறக்கத்தான் செய்வார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கலாம். விலை குறைவாக இருப்பதும் உங்களுக்கு ஆள் தெரிந்திருப்பதும் ஒன்றாக அமைந்தால்தான் இந்த வியாபாரம் கட்டும்.

எப்படிக் கட்டும் என்று பார்ப்போம். கம்பெனி ஒர்க்‌ஷாப் 5,40,000 சொன்னதற்கு முக்கியக் காரணம், அவர்கள் எதையும் பழுது பார்ப்பதில்லை, மாற்றுவார்கள். நனைந்த வயரிங் என்றால் முழு வயரிங்கும் புதுசு, சீட் என்றால் முழு சீட்டும் புதுசு, எல்லாம் பெட்டி பிரிக்காத விலையில். வெளியே இருக்கும் நல்ல மெக்கானிக் சீட்டைக் கழற்றி வெயிலில் காயவைப்பார், கார்ப்பெட்டைப் புதுசாகப் போடுவார், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவைத் திறந்து சுத்தம் பண்ணிப் பார்ப்பார், முடியாததற்குப் புதுப்பேட்டையில் பழசு தேடுவார். அவர் 1,60,000 என்கிறார் என்று வைப்போம். வண்டியின் விலை 1,70,000, வேலைக்கு 1,60,000. ஆக 3,30,000-க்கு அந்தக் கார் மறுபடி உங்களுக்குக் கிடைக்கிறது. தண்ணீர் படாத இதே வயது வண்டி வெளியே 4,75,000 என்றால், மேலோட்டமாக 1,45,000 மிச்சம்.

மிச்சம் என்பது ஓட்டும்வரைதான். விற்கப் போனால் வெள்ளத்தில் நின்ற வண்டி என்று சொல்லித்தான் விற்கவேண்டும், அப்போது 3,50,000 கிடைத்தாலே பெரிது. மறைத்து விற்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு தெரியும், சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு இருக்கும். இதெல்லாம் பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இன்று நன்றாகத் தெரியும். ஆக, விற்பதற்காக என்றால் இந்த வேலையில் 20,000 ரூபாய் நிற்கும். அதற்கு மூன்று மாதம் மெக்கானிக் ஷெட்டுக்கு நடக்கவேண்டும். நான்கைந்து வருடம் நானே ஓட்டப்போகிறேன் என்பவருக்கு மட்டுமே கணக்கு ஒத்துவரும்.

அதிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கால்மிதி வரை நனைந்து, சீட்டைத் தொடாமல் வடிந்திருந்தால் வண்டி பெரும்பாலும் தேறும். சீட் மட்டத்தைத் தாண்டி டேஷ்போர்டு வரை ஏறியிருந்தால் நான் தொடமாட்டேன். சிக்கல் உடனே தெரியாது. வயரிங் இணைப்புகளின் பித்தளைக் காலில் பச்சையாகப் பூக்கும், அது மெல்ல மெல்லத்தான் பரவும். நாலாவது மாதம் பவர் விண்டோ நிற்கும், எட்டாவது மாதம் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரியும், ஒரு மழைநாளில் வண்டி நடுரோட்டில் அணைந்துவிடும். என்ஜினைத் தண்ணீரில் நின்றபோதே ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால் இன்னும் மோசம். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். விபத்து வண்டி என்றால் கேள்வி வேறு. சேஸிஸ் வளைந்திருக்கிறதா, ஏர்பேக் வெடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெடித்த ஏர்பேக்குக்குப் பதில் வெறும் மூடியை ஒட்டி, எச்சரிக்கை விளக்கை அணைத்துக் கொடுக்கும் வேலையும் ஊரில் நடக்கிறது. மலிவான எஸ்டிமேட்டில் ஏர்பேக் என்ற சொல்லே இல்லாவிட்டால் ஏன் என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் இப்படி நாமே வைத்துக்கொள்ளும் வண்டியின் உரிமைப் பத்திரத்தில் பெரும்பாலான மாநிலங்கள் 'சால்வேஜ்' என்று முத்திரை குத்திவிடும். சரிசெய்து சோதனையில் தேறினால் அது 'ரீபில்ட்' என்று மாறும், பழைய மாதிரி சுத்தமான பத்திரம் திரும்ப வராது. பிரிட்டனில் கட்டமைப்பு சேதமான வண்டிக்கு எஸ், அது தப்பிய வண்டிக்கு என் என்று வகை பிரித்துப் பதிவு செய்கிறார்கள். நம் ஆர்சியில் அப்படி ஒரு குறிப்பும் வருவதில்லை. ஆர்சியோடு போகும் சால்வேஜுக்கு இங்கே நல்ல விலை கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த ஆர்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பணத்தைவிடப் பெரிய ஆபத்து அதில்தான். வண்டியைக் கொடுத்துவிட்டேன், தொல்லை விட்டது என்று நினைப்பவர்கள், ஏலம் எடுத்தவரிடம் சாவியையும் ஆர்சியையும் கையெழுத்துப் போட்ட உரிமை மாற்றப் படிவங்கள் 29, 30 ஆகியவற்றையும் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அவர் பெயர் மாற்றாமல் இன்னொருவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு. ஆர்டிஓ பதிவேட்டில் நீங்கள்தான் உரிமையாளர். நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் இதுதான் நடந்தது. விற்றுவிட்ட கார் பெயர் மாற்றப்படாமலே கை மாறிக் கை மாறிப் போய், 2009-இல் விபத்தாகியது. இழப்பீடு கொடுக்கவேண்டியது பதிவேட்டில் பெயர் இருக்கும் உரிமையாளர்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவர் வண்டி கடைசியாக யார் கையில் இருந்தது என்று தேடி அலையத் தேவையில்லை, பதிவேட்டைப் பார்த்தால் போதும் என்பது அதன் சாரம்.

ஆகவே கொடுப்பதாக இருந்தால், வாங்குபவரின் அடையாள நகல், தேதியும் நேரமும் போட்ட ஒப்படைப்புச் சீட்டு, படிவங்களின் நகல் எல்லாம் வேண்டும். உரிமை மாற்றத்தை 14 நாளுக்குள் நீங்களும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வெளிமாநிலம் என்றால் 45 நாள். பிறகு பரிவாகன் தளத்தில் பெயர் மாறியிருக்கிறதா என்று இரண்டு மாதம் விடாமல் பாருங்கள். நாமே வைத்துக்கொண்டு, பிறகு உடைத்து விற்கலாம் என்று முடிவெடுத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி ஆர்சியை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யவேண்டும். நிரந்தரமாக ஓட முடியாமல் போன வண்டியை 14 நாளுக்குள்ளோ முடிந்த அளவு விரைவிலோ தெரிவிக்கவேண்டும் என்பது உரிமையாளரின் கடமை. ஆர்சி ரத்து என்ற அடிப்படையில் கூடுதல் தொகை வாங்கியவரிடம் அந்த ரத்துச் சான்றை நிறுவனமே கேட்கும், அது வரும்வரை பணம் நிற்கும். அபராத பாக்கி, கடன் பதிவு எதாவது இருந்தால் ஆர்டிஓவில் அதுவும் இழுக்கும்.

கடன் என்றதும் ஞாபகம் வருகிறது. வண்டி வங்கிக் கடனில் இருந்தால் இந்த மூன்று வழியும் உங்கள் கையில் முழுசாக இல்லை. பாலிசியில் வங்கியின் பெயர் ஏறியிருப்பதால் பணம் முதலில் அங்கேதான் போகும். நம் உதாரணத்தில் கடன் பாக்கி 3,60,000 என்று வையுங்கள். வண்டியைக் கொடுத்தால் மொத்தம் 4,89,000, கடன் அடைந்து 1,29,000 மிஞ்சும். ஆர்சியோடு வைத்துக்கொண்டால் வருவது 3,19,000, கடனுக்கே 41,000 குறைகிறது. அதைக் கைப்பணம் போட்டு அடைக்கவேண்டும், அப்புறம் பழுது பார்க்க 1,60,000-க்கு வேறு வழி தேடவேண்டும். கடனை அடைத்ததற்கான சான்றும் படிவம் 35-உம் வங்கியிடமிருந்து வாங்கி ஆர்சியிலிருந்து கடன் பதிவை நீக்கும்வரை வண்டியை விற்கவும் முடியாது. கடன் பாதிக்கு மேல் இருப்பவர்கள் வைத்துக்கொள்ளும் யோசனையை விட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

கணக்கில் வராத சில்லறைச் செலவுகளும் உண்டு. டோட்டல் லாஸ் என்று முடிவானதும் அந்த வண்டியால் ஒர்க்‌ஷாப்புக்கு வருமானம் இல்லை, ஆகவே எஸ்டிமேட் போட்டதற்கும் இடம் கொடுத்ததற்கும் பில் போடுவார்கள். நாள் வாடகை என்றால் முடிவெடுக்க எடுக்க ஏறிக்கொண்டே போகும். இதை யார் கட்டுவது என்பதைச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்டபிறகு ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

வைத்துக்கொண்ட வண்டிக்கு அடுத்து இன்சூரன்ஸ் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. டோட்டல் லாஸ் தொகை கொடுத்ததும் சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு முடிந்துவிட்டது. பாலிசிக்கு இன்னும் ஆறு மாதம் பாக்கி இருந்தாலும் அடுத்த மோதலுக்கு அதிலிருந்து எதுவும் வராது. மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு தொடர்கிறதா, அதுவும் ரத்தாகிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் சாலையில் இறக்குவது சட்டப்படி குற்றம் என்பதோடு, மேலே சொன்ன உரிமையாளர் பொறுப்பும் நேராக உங்கள் தலையில் விழும். வண்டி தேறியதும் புது நிறுவனத்தில் முழு பாலிசி கேட்டால், முதலில் வண்டியை நேரில் பார்க்க ஆள் அனுப்புவார்கள், பழைய கிளெய்ம் பற்றிக் கேட்பார்கள், ஐடிவியைக் குறைத்து வைப்பார்கள். சில நிறுவனங்கள் மூன்றாம் தரப்பு மட்டும் தருகிறோம் என்று நிறுத்திக்கொள்ளும். நோ கிளெய்ம் போனஸ் ஏற்கெனவே பூஜ்யமாகியிருக்கும். பழைய கிளெய்மைச் சொல்லாமல் மறைத்து எடுத்த பாலிசி, அடுத்த விபத்தன்று கைகொடுக்காது.

இவ்வளவும் பார்த்த பிறகும் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், நிறுவனம் அனுப்பும் சம்மதக் கடிதத்தில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்: ஐடிவி எவ்வளவு, கழித்த சால்வேஜ் எவ்வளவு, அது ஆர்சியோடா ஆர்சி இல்லாமலா, வண்டி யார் பொறுப்பில் எந்தத் தேதியிலிருந்து. "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்ற வரி அதில் நிச்சயம் இருக்கும். தொகையில் மனக்குறை இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே தனியாக ஒரு மின்னஞ்சலில் உங்கள் ஆட்சேபத்தைப் பதிந்து வைத்துவிடுங்கள்.